வெற்றியாளர் பட்டியலை வெளியிடும்போது போன் நம்பரை மறைப்பது எப்படி

நிகழ்ச்சி முடிந்தது, குலுக்கலும் போட்டாகிவிட்டது, இனி பெயர்களை அறிவிக்க வேண்டும். கையில் இருப்பதோ பதிவுப் படிவத்திலிருந்து வந்த ஒரு ஷீட், அதில் பெயருக்குப் பக்கத்திலேயே போன் நம்பர். அவசரத்தில் யாராவது ஒருவர் அதை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போட்டுவிடுவார், அல்லது பிரிண்ட் எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவார். அப்புறம் ஜெயித்தவருக்கு ஒரு அழைப்பு வரும்: "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, அனுப்பி வைக்க ஒரு சின்னக் கட்டணம், இப்போது வரும் ஓடிபியைச் சொல்லுங்கள்." கூப்பிடுகிறவருக்குப் பெயர் தெரியும், நிகழ்ச்சி தெரியும், என்ன பரிசு என்பதும் தெரியும், பிறகு நம்பாமல் என்ன செய்வார்கள்? வெறும் நம்பர் கசிவதைவிட வெற்றியாளர் பட்டியலோடு சேர்ந்து கசிவது மோசம், ஏமாற்றுகிறவன் சொல்ல வேண்டிய கதையையும் நாமே எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

இதைத் தவிர்க்கப் பெரிய தொழில்நுட்ப அறிவு எதுவும் வேண்டாம், ஆனால் வரிசையாகச் செய்ய வேண்டும். புரிவதற்கு ஒரு உதாரணத்தையே கடைசிவரை வைத்துக்கொள்வோம். 240 பேர் இணையப் படிவத்தில் பதிவு செய்திருக்கிறார்கள், குலுக்கலில் 12 பேர் தேர்வாகியிருக்கிறார்கள், அதில் கவிதா என்று இரண்டு பேர். ஷீட்டில் நான்கு பத்திகள்: A பதிவான நேரம், B பெயர், C போன், D பகுதி. பட்டியல் ஒரு பலகையிலும் ஒரு வாட்ஸ்அப் குழுவிலும் வர வேண்டும்.

முதலில், பட்டியலில் என்ன இருக்க வேண்டும்

வெற்றியாளர் பட்டியலுக்கு இரண்டு வேலைகள்தான். ஜெயித்தவர் "இது நான்தான்" என்று அடையாளம் கண்டுகொள்ள வேண்டும், மற்றவர்களுக்கு "உண்மையான ஆட்களுக்குத்தான் போயிருக்கிறது" என்ற நம்பிக்கை வர வேண்டும். இரண்டுக்கும் போன் நம்பர் தேவையே இல்லை. வந்தவர்கள் பட்டியல் என்றால் இன்னும் எளிது, பெயர் மட்டும் போதும்.

ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் பிரித்துக் காட்ட ஏதாவது வேண்டும், அங்கேதான் நம்பர் உள்ளே நுழைகிறது. இதற்கு நல்ல வழி டோக்கன் எண். பதிவு செய்யும்போதே ஒவ்வொருவருக்கும் 101, 102 என்று ஒரு எண் கொடுத்துவிட்டால், பட்டியலில் "கவிதா, டோக்கன் 147" என்று போட்டால் முடிந்தது. காகிதத்தில் பதிவு செய்தால் இரட்டைச் சீட்டு வைத்துக்கொள்ளலாம், ஒரு பாதி அவரிடம், ஒரு பாதி நம்மிடம். இணையப் படிவம் என்றால் ஷீட்டில் ஒரு பத்தி சேர்த்து எண் போட்டு, பதிவை உறுதி செய்யும் செய்தியிலேயே அந்த எண்ணையும் தனித்தனியாக அனுப்பிவிடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: டோக்கன் எண்ணை போன் நம்பரின் இலக்கங்களிலிருந்து உருவாக்காதீர்கள். "கடைசி ஐந்து இலக்கம்தான் உங்கள் டோக்கன்" என்று வைப்பவர்கள் இருக்கிறார்கள், அது டோக்கனே அல்ல, பாதி நம்பர்.

நம் உதாரணத்தில் டோக்கன் கொடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம், ஏனென்றால் புதிதாக ஏற்பாடு செய்கிறவர்களுக்கு இந்த யோசனை பெரும்பாலும் குலுக்கல் முடிந்த பிறகுதான் வரும். அப்போதும் வழி இருக்கிறது. முதலில் பெயரோடு முதலெழுத்து, அதுவும் ஒத்துப்போனால் பகுதி, அதுவும் ஒத்துப்போனால் மட்டும் நம்பரின் கடைசி மூன்று இலக்கங்கள். எல்லார் பெயருக்கும் எதிரே இலக்கம் போட வேண்டியதில்லை, மோதுகிற பெயர்களுக்கு மட்டும் போட்டால் போதும். மோதல் 12 பேருக்குள் மட்டும் பார்த்தால் போதாது, 240 பேருக்குள்ளும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஜெயிக்காத மூன்றாவது கவிதா பரிசு வாங்க வந்து நிற்பார். மூல ஷீட்டில் காலியான ஒரு பத்தியில் இதைப் போட்டு, கீழே வரை இழுத்துவிடுங்கள்:

```
=COUNTIF(B:B, B2)
```

1-க்கு மேல் வருகிற பெயர்கள் எல்லாம் மோதுகிறவை. இது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் பிடிக்கும். ஒருவர் தமிழிலும் இன்னொருவர் ஆங்கில எழுத்திலும் பெயரை நிரப்பியிருந்தால் தப்பிவிடும், அதனால் 12 பெயர்களையும் ஒருமுறை கண்ணாலும் தேடிப் பாருங்கள்.

இலக்கங்களை மறைப்பதில் இருக்கும் பொறி

கடைசி மூன்று இலக்கம் என்று ஏன் சொன்னேன், ஐந்து ஏன் கூடாது? பத்து இலக்க நம்பரில் கடைசி ஐந்தைக் காட்டினால் மீதி ஐந்து. அந்த ஐந்தும் முழுக்கத் தெரியாதவை அல்ல, நம்பர்களின் முன்பகுதி தொடர் தொடராக ஒதுக்கப்படுவதால் எல்லாச் சேர்க்கையும் புழக்கத்தில் இருக்காது. பெயரும் தெரிந்தவன் ஊகித்துச் சரிபார்க்க வேண்டிய எண்ணிக்கை நாம் நினைப்பதைவிடக் குறைவு. கடைசி நான்கும் எனக்குப் பிடிக்காது, ஏனென்றால் "உங்கள் நம்பரின் கடைசி நான்கு இலக்கம் சொல்லுங்கள்" என்று கேட்டு ஆளைச் சரிபார்க்கும் சேவைகள் இருக்கின்றன. ஒரே பெயருள்ள இரண்டு மூன்று பேரைப் பிரிக்க மூன்று இலக்கமே தாராளம்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு, அது கண்ணில் படாது. ஒரே நம்பரை இரண்டு இடத்தில் இரண்டு விதமாக மறைப்பது. பதிவு செய்தவர்கள் பட்டியலைப் போன வாரம் ஒருவர் பலகையில் ஒட்டினார், அவர் பின்பகுதியை மறைத்தார்: 00123*****. வெற்றியாளர் பட்டியலை இன்னொருவர் குழுவில் போட்டார், அவர் முன்பகுதியை மறைத்தார்: *****45678. தனித்தனியாக இரண்டும் பாதுகாப்பாகத்தான் தெரிகின்றன, பக்கத்தில் வைத்தால் முழு நம்பர் கிடைத்துவிட்டது. ஆகவே நம்பரை மறைக்கும் முறையை ஏற்பாட்டாளர்கள் எல்லாரும் முன்கூட்டியே ஒன்றாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: எந்தப் பட்டியலாக இருந்தாலும், எந்த வருடமாக இருந்தாலும், காட்டுவது கடைசி மூன்று மட்டும்.

கொஞ்சம் கணினி தெரிந்த நண்பர் யாராவது "நம்பரை ஹாஷ் செய்து, அதாவது ஒரு கணக்கின் வழியாக நீளமான எழுத்துக் கோவையாக மாற்றிப் போட்டுவிடலாம்" என்பார். வேண்டாம். பத்து இலக்கத்தில் மொத்தச் சாத்தியமே ஆயிரம் கோடிதான், ஒரு சாதாரணக் கணினி ஒவ்வொன்றையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டு மூல நம்பரைக் கண்டுபிடித்துவிடும். போதாததற்கு ஜெயித்தவருக்கும் அந்த நீளமான எழுத்துக் கோவையைப் பார்த்து ஒன்றும் புரியாது.

சுத்தமான கோப்பு தயாரிப்பது

பதிவு ஷீட்டில் இருக்கும் தகவல்களை மாற்றாதீர்கள், அதில் பத்தியை மறைத்து அனுப்பவும் செய்யாதீர்கள். எக்ஸெல்லில் பத்தியை `Hide` செய்வது என்பது திரை போடுவது மட்டும்தான். கோப்பைப் பெற்றவர் `Unhide` என்று ஒரு சொடுக்குச் சொடுக்கினால் 240 நம்பரும் வந்து நிற்கும். கூகுள் ஷீட்டில் பார்வைக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு, ஆனால் பார்க்க முடிகிறவர் `Make a copy` போட்டுத் தன் கணக்கில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாம், நகலுக்கு அவரே உரிமையாளர், அங்கே மறைந்திருக்கும் பத்தியை அவரே திறந்துகொள்வார். எழுத்தை வெள்ளை நிறமாக்குவது, பத்தியின் அகலத்தைச் சுருக்குவது, வேறு தாவலில் வைத்து அந்தத் தாவலை மறைப்பது எல்லாம் இதே ரகம்.

செய்ய வேண்டியது இதுதான். மூல ஷீட்டில் நம் தேவைக்கு ஒரு பத்தி சேர்த்து, மோதும் பெயர்களுக்கு மட்டும் இந்தச் சூத்திரத்தைப் போடுங்கள்:

```
="*******"&RIGHT(TRIM(C2),3)
```

`TRIM` எதற்கு என்றால், படிவத்தில் நம்பரைத் தட்டச்சு செய்கிறவர்கள் கடைசியில் ஒரு இடைவெளி விட்டிருப்பார்கள், அது இல்லாவிட்டால் மூன்றுக்குப் பதில் இரண்டு இலக்கம்தான் வரும். அடுத்து 12 பேரின் பெயர், பகுதி, இந்தப் புதுப் பத்தி மூன்றையும் மட்டும் நகலெடுத்து, முற்றிலும் புதிய கோப்பு ஒன்றைத் திறந்து, மதிப்பாக மட்டும் ஒட்டுங்கள். கூகுள் ஷீட்டில் `Ctrl+Shift+V`, எக்ஸெல்லில் `Paste Special` போய் `Values`. சாதாரணமாக ஒட்டினால் மதிப்புக்குப் பதில் சூத்திரம்தான் வரும். நம்பர் பத்தி புதுக் கோப்பில் இல்லாததால் பிழை காட்டும், உடனே "சரி, நம்பரையும் ஒட்டிவிடுவோம்" என்று கை போகும். அங்கேதான் காரியம் கெடும்.

எக்ஸெல்லில் இன்னொரு சங்கதி. புதுக் கோப்பில் பழைய கோப்பை நோக்கி `VLOOKUP` மாதிரி சூத்திரம் எழுதி வைத்தாலும் ஆபத்துதான். வெளிக் கோப்பிலிருந்து எடுத்த மதிப்புகளை எக்ஸெல் தன் கோப்புக்குள்ளேயே சேமித்துக்கொள்ளும், அதற்கான `Save external link values` என்ற அமைப்பு வழக்கமாக இயக்கத்திலேயே இருக்கும். திரையில் பெயர் மட்டும் தெரியும், கோப்பின் வயிற்றுக்குள் நம்பர் இருக்கும். மதிப்பாக ஒட்டினால் இந்தத் தொல்லையே இல்லை.

நம் பட்டியல் இப்போது இப்படி இருக்கும்: பதினொன்று பெயர்களுக்குப் பெயரும் முதலெழுத்தும் போதுமானதாக இருந்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கவிதாக்களில் ஒருவர் எஸ். கவிதா, அவருக்கு மோதல் இல்லை. இன்னொருவர் ஆர். கவிதா, இதே பெயரில் ஜெயிக்காத ஒருவரும் 240-க்குள் இருக்கிறார், இருவரும் ஒரே பகுதி. ஆக "ஆர். கவிதா (*******471)" என்று ஒரே ஒரு வரியில்தான் இலக்கமே வருகிறது.

படமா, பிடிஎஃப்பா, எழுத்தா

குழுவுக்கு எழுத்தாகவே போடுங்கள், 12 வரிதானே. பலகைக்குச் சுத்தமான கோப்பிலிருந்தே பிரிண்ட் எடுங்கள். மூல ஷீட்டைப் படமெடுத்து அதன்மேல் கோடு கிழிப்பதுதான் மிக அதிகமாகத் தப்பு நடக்கிற இடம். போனில் படத்தைத் திருத்தும்போது பேனாவுக்குப் பதில் ஹைலைட்டரை எடுத்துக் கறுப்பில் நாலு முறை தேய்ப்பார்கள், பார்க்கக் கறுப்பாகவே இருக்கும். ஆனால் ஹைலைட்டர் ஒளி ஊடுருவுவது, வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் ஏற்றினால் இலக்கங்கள் எட்டிப் பார்க்கும். மங்கலாக்குவதும் கட்டம் கட்டமாக்குவதும் நம்பகமில்லை, பத்தே பத்து வடிவங்களில் எது என்று ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. வெட்டி எடுத்த படம்கூட எப்போதும் சுத்தமில்லை: 2023-இல் கூகுள் பிக்சல் போன்களின் படத் திருத்தியிலும் விண்டோஸ் ஸ்னிப்பிங் கருவியிலும் ஒரு பிழை வெளிவந்தது, வெட்டிவிட்ட பகுதியின் தரவு கோப்பிலேயே தங்கி, அதை மீட்க முடிந்தது. அது சரிசெய்யப்பட்டுவிட்டது, ஆனால் அதற்கு முன் பகிர்ந்த படங்கள் அப்படியேதான் சுற்றுகின்றன.

பிடிஎஃப்பில் நம்பர் மேல் கறுப்புப் பெட்டி வரைவதும் இதே கதை. பெட்டி மேலே, எழுத்து அடியில். பத்தியைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து வெறும் நோட்பேடில் ஒட்டினால் நம்பர் வந்து விழும்.

வெளியிடும் முன் ஒரு சோதனை, ஒரு நிமிடம்கூட ஆகாது. மூல ஷீட்டிலிருந்து ஜெயித்தவர்களில் மூன்று பேரின் நம்பரை எடுத்துக்கொள்ளுங்கள், அனுப்பப் போகும் கோப்பில் `Ctrl+F` போட்டு அவற்றின் நடு நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். ஒன்றும் கிடைக்கக் கூடாது. அடுத்து `Ctrl+A`, `Ctrl+C`, வெறும் நோட்பேடில் ஒட்டுங்கள், அங்கே பட்டியலில் தெரிவது மட்டும்தான் வர வேண்டும். பலகைக்கு எடுத்த தாளைத் திருப்பியும் பாருங்கள். பயன்படுத்திய தாளின் பின்பக்கத்தில் பிரிண்ட் எடுக்கும் சிக்கனம் பல இடங்களில் உண்டு, அந்தப் பின்பக்கம் சில சமயம் பதிவுப் பட்டியலாகவே இருக்கும்.

படிவத்திலும் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். கூகுள் படிவத்தில் `View results summary` என்ற அமைப்பு இருக்கிறது. அது இயக்கத்தில் இருந்தால், பதிவு செய்த ஒவ்வொருவரும் மற்றவர்கள் எழுதிய பதில்களை, நம்பர் உட்பட, பார்க்கலாம். பட்டியலில் இவ்வளவு கவனமாக இருந்துவிட்டு இது திறந்து கிடந்தால் பயனில்லை.

குழுவில் போடும்போது

வாட்ஸ்அப் குழுவில் ஒரு சிக்கல், பட்டியலில் நம்பர் இல்லாவிட்டாலும் குழுவே நம்பரைக் காட்டும் இடம். சாதாரணக் குழுவில் உறுப்பினர்கள் ஒருவர் நம்பரை ஒருவர் பார்க்கலாம். நீங்கள் பெயரைப் போட்டீர்கள், ஆர். கவிதா உடனே "நன்றி, மகிழ்ச்சி" என்று பதில் போட்டார், இப்போது எந்தப் பெயர் எந்த நம்பர் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இதை முழுக்கத் தடுக்க முடியாது, குறைக்கலாம்.

பெயரை `@` போட்டு டேக் செய்யாதீர்கள், தட்டினால் நேராக அவர் கணக்குக்குப் போகும். தொடர்பு அட்டையைப் பகிராதீர்கள். `wa.me` இணைப்பும் கூடாது, அந்த இணைப்பிலேயே முழு நம்பர் எழுதியிருக்கும். அறிவிப்பைப் போடும் முன் குழு அமைப்பில் நிர்வாகிகள் மட்டும் செய்தி அனுப்பும்படி மாற்றிவிடுங்கள், ஒரு நாள் கழித்துத் திறந்துவிடலாம். வாழ்த்துச் சொல்ல முடியவில்லையே என்று நாலு பேர் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. ஒருவரை ஒருவர் அறியாத பெரிய கூட்டம் என்றால் குழுவே வேண்டாம், வாட்ஸ்அப் சேனல் வைத்துக்கொள்ளுங்கள், அதில் பின்தொடர்கிறவர்கள் ஒருவர் நம்பரை ஒருவர் பார்க்க முடியாது.

செய்தியும் கவனமாக எழுதப்பட வேண்டும். "ஜெயித்தவர்கள் கீழே பெயர், நம்பர் போட்டு உறுதி செய்யவும்" என்று எழுதினால் இதுவரை செய்தது அத்தனையும் வீண். இப்படிப் போடலாம்:

"குலுக்கலில் தேர்வான 12 பேர் கீழே. இவர்கள் எல்லாருக்கும், பதிவு செய்த நம்பருக்கு நாங்களே தனியாகச் செய்தி அனுப்பிவிட்டோம். செய்தி வரவில்லை என்றால் இங்கே எழுதாமல் நிர்வாகிக்குத் தனியாக எழுதுங்கள். பரிசுக்காக யாரிடமும் பணமோ ஓடிபியோ கேட்க மாட்டோம்."

அந்தத் தனிச் செய்தியைப் பட்டியலுக்கு முன்பே அனுப்பிவிடுவது நல்லது. மோசடி அழைப்பு வந்தால் அதை ஒப்பிட்டுப் பார்க்க அவர்களிடம் ஏற்கனவே ஒன்று இருக்கும். பெயரை வெளியிடச் சம்மதமா என்பதையும் அதிலேயே கேட்டுக்கொள்ளலாம். வேண்டாம் என்று சொல்கிறவர் எப்போதும் ஒருவராவது இருப்பார், அவருக்கு முதலெழுத்துகளும் பகுதியும் மட்டும் போட்டால் போதும்.

பரிசு வாங்க வருகிறவரைச் சரிபார்ப்பதும் இதே ஒழுங்கில்தான். அவர் நம்பரை நீங்கள் வாசித்து "இதுதானே?" என்று கேட்காதீர்கள், அவரைச் சொல்லச் சொல்லி நீங்கள் ஷீட்டில் பாருங்கள். வரிசையில் பின்னால் நிற்பவருக்குக் கேட்கும் என்றால், பதிவு செய்த போனிலிருந்தே ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லுங்கள், சத்தமில்லாமல் வேலை முடிந்துவிடும்.

ஏற்கனவே நம்பரோடு போட்டாகிவிட்டதா

குழுவில் போட்டதை `Delete for everyone` கொடுத்து உடனே எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் இதைச் செய்ய இரண்டு நாளுக்குச் சற்று மேல்தான் அவகாசம். திருத்தி விடலாம் என்றால் அதற்குப் பதினைந்து நிமிடம்தான். அந்தச் செய்திக்கு யாராவது பதில் போட்டிருந்தால் அதில் மேற்கோளாக ஒட்டிய பகுதி அப்படியே நிற்கலாம், நிர்வாகி அந்தப் பதில்களையும் நீக்க வேண்டும். படமாகப் போட்டது என்றால் பலருடைய போனில் தானாகவே சேமிப்பாகியிருக்கும், அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஷீட் இணைப்பாகப் போயிருந்தால் பகிர்வை `Restricted` ஆக்குங்கள், அதற்குள் நகல் எடுத்தவரிடம் நகல் இருக்கத்தான் செய்யும்.

நீக்கியதோடு விட்டுவிடாமல், நம்பர் வெளியான ஒவ்வொருவருக்கும் தனியாக இரண்டு வரி அனுப்புங்கள்: எங்கே, எவ்வளவு நேரம் தெரிந்தது, பரிசு பற்றி எங்கள் பெயரில் அழைப்பு வந்தால் எந்த நம்பரிலிருந்து வந்தால்தான் அது நாங்கள். இந்தச் செய்தியையும் குழுவில் போடாதீர்கள், "போன பட்டியலில் நம்பர் இருந்தது" என்று அறிவித்தால் கவனிக்காதவர்களும் தேட ஆரம்பிப்பார்கள்.

பலகையில் ஒட்டிய தாளின் கீழ் மூலையில் எடுக்கும் தேதியை எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அது ஆறு மாதம் அங்கேயே இருக்கும். பரிசுகள் கொடுத்து முடிந்ததும் தாளைக் கிழித்துப் போடுங்கள், மூல ஷீட்டில் போன் பத்தியையும் அழித்துவிடுங்கள். அடுத்த வருடம் அழைப்பு அனுப்ப உதவும் என்று வைத்துக்கொள்ள ஆசை வரும், அதற்குத் தனியாகக் கேட்டுச் சம்மதம் வாங்கியவர்களின் நம்பரை மட்டும் வேறு கோப்பில் வைத்துக்கொள்ளலாம்.